விற்ற வீடும் விடாத கனவும்

உற்றாரை இழந்தார் அழுவதும், கைப்பொருளை இழந்தார் வருந்துவதும் உலகியல்பென்று யாவரும் ஒப்புவர். வீட்டை இழந்தார் வருந்தின் அவ்வருத்தத்தை மாத்திரம் உலகம் நகைக்கின்றது. "விலை பெற்றுக்கொண்டு விற்றீர், பின்னர்ப் புலம்புவானேன்?" என்று வினவுகின்றது. "பழைய மண்வீடு போய்ப் புதிய மாடிவீடு எழுந்ததற்கு மகிழ்வதன்றோ முறைமை?" என்று அறிவுரையும் கூறுகின்றது. இவ்வினாக்களுக்கு விடையிறுக்கப் புகுவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டின்பொருட்டு எழும் துயரம் பேதைமையன்று. அது மெய்யான துயரமே. அதற்குக் காரணமும் உண்டு, அளவும் உண்டு, ஓரளவு மருந்தும் உண்டு என்பது எம் கருத்து.

ஓசூர்ப் பக்கத்தில் பிறந்தார்க்கு இப்பொருள் ஏட்டளவில் நிற்பதன்று. கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், கருநாடக எல்லையை ஒட்டி, பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்த் தொலைவில் இருப்பது அவ்வூர். முன்னர்ச் சேலம் ஜில்லாவின் ஒரு மூலையாய்க் கிடந்தது. 1965இல் தருமபுரி மாவட்டத்தையும், 2004இல் கிருட்டிணகிரி மாவட்டத்தையும் சார்ந்தது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அப்பதிற்றாண்டிலேயே இங்குத் தொழிற்பேட்டை அமைத்தது. லாரி செய்யும் ஆலையும், மோட்டார் சைக்கிள் செய்யும் ஆலையும், கைக்கடிகாரம் செய்யும் ஆலையும் அடுத்தடுத்து வந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ராகியும் கொள்ளும் விளைந்த புன்செய்கள் மனைப்பிரிவுகளாய்க் கல் நடப்பெற்றன. இம்மாற்றம் ஒரு முறையில் நிகழ்வதைக் காணலாம். முதற்கண் ஊருக்கு வெளியிலுள்ள காடு விலையாகும்; அடுத்துக் களம் விலையாகும்; உழவில்லாத வீட்டிற்கு மாடும் கொட்டிலும் எற்றுக்கென்று அவையும் போகும்; ஈற்றில் எஞ்சி நிற்கும் வீடு, தன்னைச் சூழ்ந்திருந்த தொழில் யாவும் போனபின், வெறுஞ்சுவராய்த் தோன்றி விலைக்கு வரும்.

எம் பாட்டனார் இல்லமும் இவ்வாறே போயிற்று. அது பெருமனையன்று. ஒன்றரை அடி கனமுள்ள மண்சுவரும், நாட்டோட்டுக் கூரையும், முன்புறம் கற்பலகை பதித்த திண்ணையும் உடையது. நடுவறையில் ராகி திரிக்கும் திரிகை கிடந்தது. மாலை ஜெபத்திற்கு யாவரும் அதனைச் சுற்றியே அமர்வர். வீட்டினுள் தமிழும், அண்டை வீட்டில் தெலுங்கும், சந்தையிற் கன்னடமும் பேசி வளர்ந்த இளமை எம்முடையது. பாட்டனார் நோயுற்றுக் கிடந்தபோது மருத்துவச் செலவிற்கெனப் பெற்ற கடன் வளர்ந்தது. அவர் மறைந்தபின் தந்தையார் வீட்டை விற்றார். கடன் தீர்ந்தது, மிச்சத்தினின்றே யாம் இக்கல்லூரியிற் பயிலும் கட்டணமும் செலுத்தப்பெறுகின்றது. ஆதலின் விற்றாரைக் குறைகூற யாம் முற்படவில்லை. அவ்விற்பனையின் பயனை நாள்தோறும் நுகர்பவர் யாமே. நன்மை விளைந்தவிடத்தும் துயரம் எஞ்சுகின்றதே, அஃது ஏன் என்பதே எம் வினா.

கிரயப்பத்திரத்தை ஒருமுறை படித்தோம். கிழக்கே இன்னார் மனை, மேற்கே வண்டிப்பாதை என நான்கெல்லையும் அதில் விளங்கக் கூறப்பட்டிருந்தன. நீளம், அகலம், கதவு, நிலை, கிணற்றுப் பாத்தியம், மரவடை ஆகிய யாவும் கணக்கில் வந்தன. வாங்கியவர் பெற்ற பொருளில் ஒன்றும் விடுபடவில்லை. விற்றவர் இழந்த பொருளிற் பெரும்பகுதி அதில் இல்லை. எந்தப் படியில் அமர்ந்தால் காலை வெயில் முதலிற் படும் என்பதற்குப் பத்திரத்தில் இடமில்லையன்றோ?

வீடு இடிக்கப்பெறும் முறையையும் ஈண்டுக் கூறுதல் தகும். முதல்நாள் ஓடுகளைக் கையால் இறக்கி அடுக்குவர். முழு ஓட்டிற்கு விலையுண்டு. பின்னர்க் கதவையும் நிலையையும் உத்திரங்களையும் பழமரம் வாங்குவோர் கழற்றிக் கொண்டுபோவர். கற்பலகைகள் வேறொருவர் வாசலுக்குப் போகும். விலையில்லாது எஞ்சுவது மண்சுவர் ஒன்றே. அதனை இயந்திரம் ஒரு முற்பகலில் தள்ளிவிடும். பழஞ்சுவர் மண் நல்ல எருவாகும் என்று முன்னாளில் உழவர் வண்டி கொணர்ந்து வாரிச் செல்வர். இந்நாளில் அது பள்ளம் நிரப்பப் பயன்படுகின்றது. வாழும் நாளில் ஒன்றாயிருந்த வீடு, விலைபோகும் பகுதி, விலைபோகாப் பகுதி என இரண்டாய்ப் பிரிகின்றது. நினைவு முழுவதும் அவ்விலைபோகாப் பகுதியிலேயே தங்கியிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

நிற்க. வீடு இடிந்து மூன்றாண்டுகள் சென்றும் எம் கனவில் அஃது இடியவில்லை. கனவில் யாம் எப்பொழுதும் கொல்லைவாயிலாகவே நுழைகின்றோம். இருட்டில் கை தானே சென்று மாடக்குழியைத் தொடுகின்றது. கால் தானே உயர்ந்த நிலைப்படியைக் கடக்கின்றது. சில இரவுகளில் உள்ளே அறியாத மனிதர் இருந்துகொண்டு, "யாரைப் பார்க்க வந்தீர்?" என்று எம்மையே வினவுகின்றனர். விழித்தெழுந்தபின் வருந்துவது அவ்வினாவிற்காகவன்று. அவர் வினவியது முறையே என்பதற்காக.

இக்கனவிற்குக் காரணம் யாது? 1971இல் ஜான் ஓகீஃப் என்னும் ஆய்வாளர், தம் துணைவர் ஒருவருடன் எலிகளின் மூளையை ஆராய்ந்து, எலி ஓரிடத்திற்கு வரும்போது மாத்திரம் கிளர்ச்சியுறும் நரம்பணுக்கள் சில உண்டென்று கண்டார். அவற்றை இடவணுக்கள் எனலாம். அறையின் ஒரு மூலைக்குச் சிலவும் மற்றொரு மூலைக்குச் சிலவுமாக அவ்வணுக்கள் கூடி, இடத்தின் படம் ஒன்றை மூளையுள் வகுக்கின்றன. அவ்வாராய்ச்சிக்காக 2014இல் அவர் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஓடித் திரிந்த எலி உறங்கும்போது, பகலில் ஒருங்கே கிளர்ந்த அவ்வணுக்கள் உறக்கத்திலும் ஒருங்கே கிளர்கின்றன என்று 1994இல் வேறிருவர் காட்டினர். எலியினிடத்துக் கண்டதை மனிதன் கனவிற்கு அப்படியே பொருத்திவிடல் ஆகாது. எனினும் ஒன்று தெளிவாம். இடம் என்பது நாம் கண்ணாற் கண்டு மறக்கும் காட்சியன்று. கையும் காலும் ஆயிரமுறை பழகிப் பதித்த பாதை. சுவரை இடிக்கும் இயந்திரம் அப்பாதையைச் சென்று தொடுவதில்லை. பழகிய கை இல்லாத மாடக்குழியைத் தேடுவது அதனாலேயே போலும்.

இனி, இத்துயரம் அளந்தறியத்தக்கதா என்பதைக் காண்போம். அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் மேற்குமுனை என வழங்கிய பகுதி ஒன்று இருந்தது. இத்தாலியரும் பிறநாட்டாரும் உழைப்பாளிகளாய் நெருங்கி வாழ்ந்த இடம் அது. நகரைப் புதுக்குவதென்று கருதிய அரசினர், 1958 முதல் 1960க்குள் அதனை அடியோடு இடித்தனர். ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வெளியேறின. மார்க் ஃபிரீட் என்னும் உளநூலார் அம்மக்களை இடிப்பதன் முன்னும், வெளியேறி ஏறக்குறைய ஈராண்டுகள் கழித்தும் கண்டு வினவி, 1963இல் தம் முடிவை வெளியிட்டார். வினவப்பட்ட பெண்களில் 100க்கு 46 பேரும், ஆண்களில் 100க்கு 38 பேரும் கடுந்துயரத்தின் அடையாளங்களைக் காட்டினர். அவ்வடையாளங்கள் நெருங்கிய உறவினரை இழந்தார்க்குரியவற்றையே ஒத்திருந்தன. வருத்தத்தோடு உடல்நோவும், கையறுநிலையும், இழந்ததை மேலாக எண்ணி ஏங்குதலும் அவற்றுட் சில.

அவர் கண்டவற்றுள் இரண்டு எம் கருத்தைக் கவர்ந்தன. வீட்டை மாத்திரமன்றிச் சுற்றுவட்டாரத்தையும் நன்கறிந்திருந்தோர் மிகுதியாய் வருந்தினர் என்பது ஒன்று. ஆகவே வீடு நான்கு சுவருக்குள் அடங்குவதன்று. கிணற்றடி, கடைத்தெரு, குறுக்குவழி ஆகிய யாவும் அதன் அறைகளே. முன்னரே வேறிடம் செல்ல விரும்பியிருந்தோர் குறைவாய் வருந்தினர் என்பது மற்றொன்று. மனம் முன்னே சென்றிருப்பின் உடல் பின்னே செல்வது எளிது. எம் தமையனார் பெங்களூரில் வேலை வேண்டிப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே மனத்தாற் புறப்பட்டுவிட்டவர். அவருக்கு இக்கனவு வருவதில்லை. அவரை அன்பிலார் என்று யாம் எண்ணியதுண்டு. ஃபிரீட் கூறியதறிந்தபின் அவ்வாறு எண்ணுவதில்லை.

சட்டமும் இத்துயரத்தை அறியாததன்று. பொதுக்காரியத்திற்காக அரசினர் நிலத்தைக் கட்டாயமாய் எடுக்கும்போது, விலைக்கு மேலும் ஒரு தொகை தருகின்றனர். அதற்கு ஆங்கிலச் சட்டமொழியிற் சொலேஷியம் என்று பெயர். ஆறுதல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவ்வாறுதல் விலையில் 100க்கு 15 விழுக்காடாக இருந்தது. 1984இல் 30 ஆயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 100 விழுக்காடாக்கிற்று. இழப்பீடு எவ்வளவோ, அவ்வளவு ஆறுதல் என்க. சட்டம் இயற்றினார் விலையும் இழப்பும் ஒன்றல்ல என்று உணர்ந்தமைக்கு இதுவே சான்று.

ஆயினும் அவர் கைக்கொண்ட அளவுகோலை நோக்குமின். கட்டடத்தின் மதிப்பைப் பொறியாளர் கணிப்பர். பரப்பிற்கேற்ப விலையிட்டு, கட்டடத்தின் வயதிற்கேற்பத் தேய்மானம் கழிப்பது கணக்கு முறை. எடுத்துக்காட்டாக, ஐந்தாண்டு வயதுள்ள காங்கிரீட்டு வீட்டிற்கு 20 இலட்சம் மதிப்பு வந்தால், அக்கட்டடத்திற்குரிய ஆறுதலும் 20 இலட்சம். அதன் அருகே நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த மண்வீட்டிற்குத் தேய்மானம் போக 40,000 ரூபாய் மதிப்பு வந்தால், அதற்குரிய ஆறுதலும் 40,000 ரூபாய். வீடு பழகப் பழக அன்பு வளர்கின்றது. கணக்கில் மதிப்போ தேய்கின்றது. அன்பு மிக்க இடத்தில் ஆறுதல் குறைகின்றது. எம் வீட்டைப்போலத் தாமே விற்றார்க்கு அச்சிறு ஆறுதலும் இல்லை. இதனைச் சட்டத்தின் குற்றம் என்று யாம் கூறோம். அன்பை அளக்கும் முழக்கோல் எந்த அரசினரிடத்தும் இல்லை. ஆறுதலை அரசினரிடத்தும் சந்தையிடத்தும் எதிர்பார்த்தல் பயனற்றது என்பதே இதனால் யாம் அறிவது.

இனி, வீட்டைவிட்டு நீங்காதாரும் இத்துயரை அடைவர் என்பதைக் கூறவேண்டும். ஊரைப் பிரிந்தார் ஏக்கத்தை நோயென்று கொண்டு அதற்கு நோஸ்டால்ஜியா என முதலிற் பெயரிட்டவர், 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மருத்துவம் பயின்ற யோகன்னஸ் ஹோஃபர் என்னும் மாணவர். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எம் வயதே. நோயாளியை ஊருக்கு அனுப்புதலே தக்க மருந்தென்றார் அவர். ஊரே ஊராயில்லாது போயின் எங்கு அனுப்புவது? இவ்வினா 2003இல் ஆஸ்திரேலிய நாட்டு மெய்ந்நூலார் க்ளென் ஆல்பிரெக்ட் என்பவர்க்கு எழுந்தது. ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் தம்மைச் சூழ்ந்து தோண்டப்படுவதைக் கண்டு, தம் வீட்டில் இருந்தபடியே வீட்டிற்கு ஏங்கிய மக்களை அவர் கண்டார். அவ்வேக்கத்திற்குச் சொலாஸ்டால்ஜியா என்று பெயரிட்டார். சொலேஷியத்தில் உள்ள அதே ஆறுதற்சொல்லே இதனுள்ளும் இருக்கின்றது. எம் பாட்டியார் அச்சிற்றூரிலேயே அத்தையார் இல்லத்தில் இருக்கின்றார். தெருவிற்கு வந்து நின்று, "இது எந்த ஊர் அப்பா?" என்று வினவுகின்றார். மூப்பினால் வந்த மறதி என்று பிறர் கருதுவர். அவர் மறந்தது ஒன்றுமில்லை. அவர் அறிந்த ஊரே அங்கில்லை.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மக்கள் ஒழுக்கம் அதன்மேல் நிற்பது. பாலையைப்பற்றிச் சிலப்பதிகாரம் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பாலை இயற்கையாய் அமைந்த தனிநிலமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் நிலை கெட்டபோது தோன்றுவது. அந்நிலத்திற்கு உரிய ஒழுக்கம் பிரிவு. மாறிய நிலத்தையும் பிரிந்த மனத்தையும் ஒரே திணையில் வைத்த பண்டையோர், ஆல்பிரெக்ட் இந்நாளிற் பெயரிட்டதைத் தம் முறையில் உணர்ந்தே இருந்தனர் என்பது எம் துணிபு.

எம் கருத்திற்கு மறுப்பொன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எம் வீடு நின்ற மனையில் இப்போது பத்து அறைகள் வரிசையாய் எழுந்துள்ளன. ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் ஆலைவேலைக்கு வந்த இளைஞர் அவற்றில் வாடகைக்கு இருக்கின்றனர். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் முப்பதுபேர் தங்கிப் பொருளீட்டி ஊருக்கு அனுப்புகின்றனர். வீட்டை அப்படியே காத்திருந்தால் இவர்க்கு இடமேது? இம்மறுப்பு வலியது, யாம் இதனை ஒப்புகின்றோம். ஊர் மாறாதிருக்க வேண்டுமென்பது எம் கொள்கையன்று. ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878இல் இராஜாஜி பிறந்த இல்லத்தை அரசினர் நினைவில்லமாய்க் காக்கின்றனர், அது தக்கதே. ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் அவ்வாறு காத்தல் இயலாது. ஆனால் அவ்விளைஞர் இரவில் எதனைக் கனவு காண்பர் என்று எண்ணுமின். எம் வீடிருந்த நிலத்தின்மேற் படுத்துத் தம் வீட்டைக் காண்பரன்றோ? அவர் துயரும் எம் துயரும் ஒன்றே. ஒன்றைப் பேதைமையென நகைப்பார் மற்றொன்றையும் அறியார்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? வீட்டைக் காக்க இயலாவிடினும் அதன் படத்தைக் காக்கலாம். புகைப்படம் போதாது, அது முகப்பைக் காட்டும், வழியைக் காட்டாது. வீடு நிற்கும்போதே அடியளந்து தரையமைப்பை வரைதல் வேண்டும். எம் வீட்டார் இதனை இடித்தபின்னரே செய்தனர். தந்தையாரும் அத்தையாரும் தனித்தனியே இரண்டு படங்கள் வரைந்தனர். திரிகை தெற்குச் சுவரருகே இருந்ததென்றார் ஒருவர், மேற்குச் சுவரருகே என்றார் மற்றவர். பாட்டியாரை வினவ, "இரண்டும் சரியே, பெரிய மழையில் சுவர் நனைந்த வருடத்தில் இடம் மாற்றினோம்" என்றார். அவ்வொரு சொல்லினால் யாரும் அறியாதிருந்த ஒரு வருடத்தின் வரலாறு வெளிப்பட்டது. இரண்டு மாலைகளில் படம் முடிந்தது. அறையறையாய்ப் பெயரெழுதும்போது மற்றொன்றும் கண்டோம். வீட்டின் பின்புறத்தை யாம் கொல்லை என்போம். அண்டை வீட்டார் தெலுங்கிற் பெரடு என்பர். பால் கறக்க வந்தவர் கன்னடத்தில் ஹித்தலு என்பர். ஒரே நிலத்துண்டிற்கு மூன்று பெயர்கள் அன்றாட வழக்கில் இருந்தன. மாடிவீட்டிற்குக் கொல்லை இல்லாமையால் மூன்று பெயர்களும் ஒருங்கே வழக்கொழிகின்றன.

அப்படம் எம் கனவை நிறுத்திவிடவில்லை. ஆனால் பாட்டியார் அதனைக் கையில் வைத்துக்கொண்டு, விரலால் வாயில் தொடங்கி அறையறையாய்ச் சென்று கதை கூறுகின்றார். துயரம் கதையாய் வெளிப்படுமட்டும் அஞ்சவேண்டுவதில்லை. வீடிருந்த தெருவழியே செல்ல அஞ்சிச் சுற்றிப் போதலும், புதுவீட்டிற்கு வந்து பல மாதங்கள் சென்றும் பெட்டிகளைப் பிரியாது வைத்திருத்தலும், உணவும் உறக்கமும் குறைந்தே நிற்றலும் காணப்படின், அத்துயரம் உள்ளே உறைந்துவிட்டதென்று உணர்ந்து, உற்றாரும் மருத்துவரும் உதவுதல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் மாணவரிடத்தும், ஆசிரியப் பெருமக்களிடத்தும், பழைய மாணவரிடத்தும் யாம் வேண்டுவது ஒன்றே. தங்கள் இல்லத்திற்கு விலைபேச ஆள் வருவதற்கு முன்னர், ஒரு தாளும் அளவுநாடாவும் கொண்டு அமர்க. வீட்டில் முதியவர் யாரோ அவரை அருகே இருத்துக. சுவர்களை அளந்து வரைக. ஒவ்வோரறைக்கும் வீட்டார் வழங்கும் பெயரை அவர் வழங்கும் மொழியிலேயே எழுதுக. யார் எங்குப் பிறந்தார், எங்கு உறங்கினார், எங்கு இறந்தார் என்பதைக் குறிக்க. தமிழ் பயில்வோர் எல்லைப்புறத்து ஊர்களின் மனைப்பெயர்களைத் தொகுப்பாராயின், வீட்டோடு சொல்லும் இடிந்து போகாமற் காக்கலாம். கிரயப்பத்திரம் விடுத்தவற்றை எழுதும் கடமை, அவ்வீட்டில் வளர்ந்தவர்க்கே உரியது.